பழுதுபார்ப்புப் பணி அட்டை

பழுதுபார்ப்புப் பணி அட்டை என்பது ஓர் இயந்திரத்தில் ஏற்பட்ட பழுது, அதற்குச் செய்த வேலை, பயன்படுத்திய உதிரிபாகங்கள், வேலையை ஏற்றுக்கொண்டவர்களின் கையொப்பம் ஆகியவற்றைப் பதிவு செய்யும் ஒரு பக்கப் படிவம் ஆகும். தொழிற்கூடங்களில் இது ‘ஜாப் கார்டு’ எனப்படுகிறது. ஊரக வேலைத் திட்டத்தில் குடும்பங்களுக்கு வழங்கப்பட்ட, அதே பெயரில் அழைக்கப்படும் வேலை அட்டை வேறு.

ஓமலூர் உள்ளிட்ட சேலம், நாமக்கல் வட்டாரங்களில் குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலைகள் உள்ளன. அவற்றிலுள்ள கிழங்கு அரவை இயந்திரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்த அட்டை இங்கு விளக்கப்படுகிறது. இந்த இயந்திரத்தில் பற்கள் கொண்ட உருளை வேகமாகச் சுழன்று கிழங்கைத் துருவும். அப்போது தண்ணீரும் விடப்படும். உருளையின் ஷாஃப்ட் இரு பக்கமும் பேரிங்குகளில் தாங்கி நிற்கும்.

பழுது

பழுதுப் பகுதியில் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுத வேண்டும். காரணத்தை ஊகித்து எழுதக் கூடாது. ‘பேரிங் போய்விட்டது’ என்பது முடிவு. ‘பெல்ட் பக்கம் கரகர சத்தம், அந்தப் பக்க பேரிங் கூடு கை வைக்க முடியாத சூடு, மறுபக்கம் சாதாரணம்’ என்பது பழுது விவரம். இரண்டாவது வகைக் குறிப்பே ஃபிட்டர் எந்தப் பக்கத்தைக் கழற்ற வேண்டும் என்று சொல்கிறது.

செய்த வேலை

ஓர் ஆலையில் இந்த பேரிங் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பழுதாவதாகக் கொள்வோம். முதல் இரண்டு அட்டைகளிலும் ‘சத்தம். பேரிங் மாற்றப்பட்டது’ என்று மட்டுமே உள்ளது. இரண்டையும் அருகருகே வைத்தால் பழுது திரும்ப வருவது தெரியும். ஏன் வருகிறது என்பது தெரியாது.

மூன்றாவது முறை, கழற்றிய பேரிங்கின் நிலையும் எழுதப்படுகிறது: ‘கிரீஸ் பால் போல வெளுத்துள்ளது, உள்வளையத்தில் துரு.’ அதிகச் சூட்டில் கெட்டிருந்தால் கிரீஸ் கறுத்துக் காய்ந்திருக்கும். வெளுப்பும் துருவும் தண்ணீர் புகுந்ததைக் காட்டுகின்றன. எனவே ஃபிட்டர் ஆயில் சீலைப் பார்க்கிறார். சீலின் உதடு தேய்ந்துள்ளது. அது உரசும் இடத்தில் ஷாஃப்ட்டிலும் பள்ளம் விழுந்துள்ளது. பழைய இடத்திலேயே புதிய சீலைப் பொருத்தினால் பள்ளத்தின் வழியே மீண்டும் தண்ணீர் இறங்கும். எனவே தேயாத பரப்பில் உதடு படும்படி சீல் சில மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தப்படுகிறது. இது அட்டையில் இல்லாவிட்டால், அடுத்த ஃபிட்டர் சீலைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடக்கூடும்.

உதிரிபாகங்கள்

‘பேரிங் 1’ என்று எழுதுவது போதாது. 6308 என்ற எண்ணின் கடைசி இரு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்துளை 40 மி.மீ. என்று வரும். எண்ணை அடுத்துள்ள எழுத்துகளும் தேவை. 2RS என்றால் இரு பக்கமும் ரப்பர் மூடி. ZZ என்றால் இரு பக்கமும் தகட்டு மூடி. எழுத்து எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் திறந்த வகை. மூன்றும் ஒரே அளவு என்பதால் எது கிடைத்தாலும் ஷாஃப்ட்டில் ஏறிவிடும். ஆனால் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் திறந்த பேரிங் நீடிக்காது.

நேரம்

தொடக்கம், முடிவு ஆகிய இரண்டை மட்டும் எழுதினால் தாமதம் எங்கே என்பது மறைந்துவிடும். எடுத்துக்காட்டாக:

- இயந்திரம் நின்றது: 10.20
- ஃபிட்டர் வந்தது: 10.35
- கழற்றி முடித்தது: 11.05
- பேரிங் கடையிலிருந்து வந்தது: 12.50
- மீண்டும் ஓடியது: 1.30

நின்ற நேரம் 190 நிமிடம். அதில் கைவேலை 70 நிமிடம்தான். உதிரிபாகத்துக்காகக் காத்திருந்தது 105 நிமிடம். இங்கே தேவைப்படுவது இன்னொரு ஃபிட்டர் அல்ல, இருப்பில் ஒரு பேரிங்.

கையொப்பம்

வேலை தொடங்குமுன் மின்சாரத்தைத் துண்டித்து, மெயின் சுவிட்சைப் பூட்டி, சாவி யாரிடம் உள்ளது என்று குறிக்க வேண்டும். உருளையில் ஒருவர் கை இருக்கும்போது மற்றொருவர் சுவிட்சைப் போட்டுவிடும் விபத்தைத் தடுக்கவே இந்த வரி.

வேலை முடிந்ததும் ஃபிட்டர், கருவிகள் வெளியே எடுக்கப்பட்டதையும் பெல்ட் மூடி மாட்டப்பட்டதையும் பார்த்துக் கையொப்பமிடுகிறார். அடுத்து இயந்திரத்தை ஓட்டுபவர், கிழங்கு போட்டு அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்த பின் கையொப்பமிடுகிறார். வெறுமனே ஓடும்போது சத்தமில்லாத பேரிங், சுமை ஏறியதும் சத்தமிடலாம். கடைசியாக மேற்பார்வையாளர் கையொப்பமிட்டு அட்டையை முடிக்கிறார்.

குறைபாடுகள்

ஷிப்ட் முடிவில் நினைவிலிருந்து மொத்தமாக எழுதப்பட்ட அட்டைகளை நம்ப இயலாது. எல்லா நேரமும் 10.00, 10.30 என முழு எண்ணாக இருப்பதும், மூன்று கையொப்பங்களும் ஒரே பேனாவில் இருப்பதும் அதற்கான அடையாளங்கள். மேலும், அட்டைகளைத் தேதி வாரியாக மட்டும் கட்டி வைத்தால் ஒரே பழுது திரும்ப வருவது கண்ணில் படாது. இயந்திர வாரியாக அடுக்கினால்தான் மேற்கண்ட மூன்று அட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும்.