முதுகையும் அளந்து சட்டை தையுங்கள்

மார்பு 40 இஞ்ச் உள்ள இரண்டு பேருக்கு ஒரே அளவில் சட்டை வெட்டினால், ஒருவருக்குக் கச்சிதமாக உட்காரும். இன்னொருவருக்கோ பைக் ஹேண்டிலைப் பிடித்ததுமே முதுகு இழுக்கும். கஃப் மணிக்கட்டை விட்டு மேலே ஏறும். இரண்டு பேருக்கும் சுற்றளவு ஒன்றுதான். ஆனால் அந்த 40 இஞ்சில் முன்பக்கம் எவ்வளவு, முதுகுப்பக்கம் எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். பளு தூக்குகிறவர்கள், நீச்சல்காரர்கள், சற்றே கூன் விழுந்தவர்கள் ஆகியோருக்கு முதுகின் பங்கு கூடுதலாக இருக்கும்.

அதனால் முதலில் மார்பைச் சரியாக அளக்க வேண்டும். பாக்கெட்டில் இருக்கும் போனையும் பர்ஸையும் எடுத்துவிட்டு, கைகளைச் சற்றுத் தூக்கச் சொல்லி, டேப்பை அக்குளுக்குக் கீழாகச் சுற்றவேண்டும். முன்னால் மார்பின் எடுப்பான இடத்திலும், பின்னால் தோள்பட்டை எலும்புகளின் மேலும் டேப் போகவேண்டும். பிறகு கைகளைத் தொங்கவிடச் சொல்லி, சாதாரணமாக மூச்சு விடும்போது அளவைக் குறிக்கலாம். டேப்பைப் பார்த்ததும் நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள் அதிகம். அந்த அளவில் தைத்தால் சட்டை தொளதொளக்கும். பின்பக்கம் டேப் சரிந்து இறங்கினாலும் அளவு தவறும். பக்கத்தில் நின்று பார்க்கிற ஒருவரோ கண்ணாடியோ இருந்தால் அது தெரிந்துவிடும்.

கழுத்தை, காலர் உட்காரும் இடத்தில், அதாவது குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே அளக்க வேண்டும். அளவு 15 வந்தால் காலர் பதினைந்தரை. பொத்தான் போட்ட பிறகு இரண்டு விரல் நெருக்கமில்லாமல் நுழைந்தால் சரி. காட்டன் துணியாக இருந்தால் வெட்டும் முன்பே நனைத்துக் காயவைப்பது நல்லது. இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே காலர் கழுத்தைப் பிடிக்கக்கூடும்.

கை நீளத்தை, தோள் எலும்பு முடியும் முனையிலிருந்து, முழங்கையைக் கொஞ்சம் மடித்த நிலையில், மணிக்கட்டு எலும்பைத் தாண்டும்வரை எடுக்கவேண்டும். கையை நேராகத் தொங்கவிட்டு எடுத்தால், மடக்கும்போது முழங்கை துணியை இழுத்துக்கொள்ளும். கஃப் மேலே போகும்.

கை சரியாக அளந்தும் கஃப் ஏறுகிறது என்றால், முதுகைத்தான் பார்க்கவேண்டும். கைகளை முன்னால் நீட்டும்போது முதுகு விரிகிறது. அங்கே துணி போதாவிட்டால் கைப்பகுதியை உள்ளே இழுக்கும். இதற்குக் கை நீளத்தைக் கூட்டிவிட்டால், கையைத் தொங்கவிடும்போது கஃப் உள்ளங்கையில் வந்து விழும். முதுகு இறுக்கம் அப்படியே இருக்கும். கைக்குழியிலிருந்து கைக்குழிவரை முதுகில் படுக்கையாக மடிப்புகள் விழுந்தால் அதுதான் அடையாளம்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு அளவுகள் கூடுதலாக எடுத்தால் போதும். தோளுக்கும் அக்குளுக்கும் நடுவே, கை மடிப்பிலிருந்து கை மடிப்புவரை, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நாம் சொன்ன இரண்டு பேரில் முதல்வருக்கு முன்னால் பதினைந்தரை, பின்னால் பதினாறரை என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமவருக்கு முன்னால் பதினான்கரை, பின்னால் பதினேழரை. கூட்டினால் இருவருக்கும் 32 இஞ்ச்தான். ஒரு இஞ்ச் முன்னாலிருந்து பின்னால் போயிருக்கிறது, அவ்வளவே.

மார்பு 40-க்கு 4 இஞ்ச் லூஸ் சேர்த்து 44 என்று வெட்டுவதாக இருந்தால், முதல்வருக்கு முன்பக்கம் 22, பின்பக்கம் 22. இரண்டாமவருக்கு முன்பக்கம் 21, பின்பக்கம் 23. துணியை இரண்டாக மடித்து வெட்டுவதால் மடிப்பிலிருந்து பதினொன்றரை வரும். இந்தக் கூடுதலைப் பக்கத் தையலில் மட்டும் சேர்த்தால் பயனில்லை. இறுக்கம் மேலே, கைக்குழி ஓரத்தில் இருப்பதால் அங்கேயும் அரை இஞ்ச் வெளியே தள்ளி வரைய வேண்டும். முதுகுத் துணியின் மேல்விளிம்பை நடுவில் அரை இஞ்ச் உயர்த்தி, கைக்குழி பக்கம் வர வரக் குறைத்து ஒன்றுமில்லாமல் முடிக்கவேண்டும். முதுகு புடைப்பாக இருக்கிறவருக்கு நீளமும் கூடுதலாகத் தேவை. இல்லாவிட்டால் பின்கீழ் விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கும்.

இதற்கு மேலும் இடம் வேண்டுமானால், யோக் எனப்படும் தோள்பட்டிக்குக் கீழே பிளீட் வைக்கலாம். நடுவில் ஒரு பிளீட் வைப்பதைவிட, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நேரே ஒவ்வொன்றாக வைத்தால் துணி தேவைப்படும் இடத்திலேயே விரியும். இடுப்புப் பக்கம் துணி கொஞ்சம் உப்பலாகத் தெரியும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை.

ரெடிமேடில் இந்தக் குறைக்கு ஒரு சைஸ் பெரிதாக வாங்குவார்கள். முதுகு சரியாகும், ஆனால் கழுத்தும் தோளும் தொங்கும். வாங்கிய பிறகு பிரித்துத் தைக்கலாம் என்றால், கைக்குழி ஓரத்தில் விட்டிருக்கும் தையல்துணி கால் இஞ்சோ அரை இஞ்சோதான். அதனால் அகலமான முதுகுள்ளவர்கள் டெய்லரிடம் அளவு கொடுக்கும்போதே இரு கைகளையும் முன்னால் நீட்டி, "முதுகையும் தனியாக அளந்துக்கோங்க" என்று சொல்லிவிடுவதே நல்லது. துணியை வெட்டிய பிறகு அந்த அளவைச் சேர்ப்பது கடினம்.