வெள்ளைச் சூடமும் கறுப்புப் பத்தியும்

நல்ல கற்பூரம் என்றால் எரிந்த தட்டில் கரி பிடிக்காது என்பது வீடுதோறும் இருக்கும் நம்பிக்கை. கடைக்காரரும் அதையே சொல்லி விற்கிறார். உண்மை நேர்மாறானது. கலப்படமே இல்லாத கற்பூரம்தான் மஞ்சள் சுடர்விட்டு, கரும்புகை கக்கி எரியும். கற்பூரத்தின் ஒரு மூலக்கூறில் பத்து கார்பன் அணுக்கள் இருக்கின்றன. திறந்த சுடரில் அவை முழுதாக எரிவதற்குப் போதிய காற்று உள்ளே போய்ச் சேர்வதில்லை. எரியாமல் தங்கும் கார்பன்தான் கரியாக மேலே எழுகிறது. பல கோயில்களில் கருவறைக்குள் கற்பூர ஆரத்தியை நிறுத்திவிட்டு நெய்த்தீபம் காட்டுவதும் சுவரிலும் சிலையிலும் இந்தக் கரி படிவதால்தான்.

சுத்தமான கற்பூரம் மிச்சம் வைக்காது என்பது மட்டும் சரி. சாம்பலோ, பிசுக்கோ, கட்டியோ தட்டில் நிற்காது. ஆனால் ‘மிச்சம் வைக்காது’ என்பதை ‘கரி பிடிக்காது’ என்று நாம் மாற்றிப் புரிந்துகொண்டதில் லாபம் அடைந்தவர்கள் கலப்படக்காரர்கள். கற்பூரத்தில் கலக்கப்படுவதாகப் புகார் உள்ள பொருள்களில் ஒன்று ஹெக்சமின். முகாம் அடுப்புகளில் எரிபொருள் வில்லையாகப் பயன்படும் வெள்ளைப் பொருள் அது. கிட்டத்தட்டப் புகையே இல்லாமல் எரியும். கரி பிடிக்கவில்லை என்று நாம் மெச்சும் வில்லையில் அது இருக்கலாம். அது எரியும்போது கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் வாயுக்கள் வெளிவரும். அவை கரியைப் போல் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இன்று வீட்டில் ஏற்றும் கற்பூரத்தில் பெரும்பங்கு கற்பூர மரத்திலிருந்து வருவதில்லை. பைன் மரப் பாலிலிருந்து வடிக்கும் டர்பன்டைன் எண்ணெயே அதன் மூலப்பொருள். அதில் உள்ள பைனீனைப் படிப்படியாக மாற்றித் தொழிற்சாலையில் கற்பூரம் ஆக்குகிறார்கள். காஞ்சிபுரத்திலேயே அப்படிச் செய்யும் ஆலை இருக்கிறது. மரத்திலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும் கற்பூரம் ஒரே பொருள்தான், ஒரே மாதிரிதான் எரியும். எனவே உறையில் ‘இயற்கை’ என்று அச்சிட்டதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கலப்படம் இல்லாமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அதை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். ஒரு கிண்ணத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, சோப்பும் எண்ணெயும் துளிகூடத் தங்காதபடி பலமுறை அலசிக்கொள்ளுங்கள். அதில் நல்ல தண்ணீர் ஊற்றி, விரல் படாமல், ஒரு வில்லையைப் பிளேடால் தண்ணீரின் மேல் மெல்லச் சுரண்டுங்கள். விழுந்த துகள்கள் உயிர் வந்ததுபோல் சுழன்று, ஒன்றையொன்று விலகி ஓடும். கற்பூரம் நீரின் மேற்பரப்பில் கொஞ்சமாகக் கரையும்போது ஒரு பக்கம் பரப்பு இழுவிசை குறைகிறது, மறுபக்கம் துகளை இழுக்கிறது. எண்ணெய் விரலின் நுனியால் தண்ணீரைத் தொட்டால் ஆட்டம் அப்படியே நின்றுவிடும். இதை வைத்தே இங்கிலாந்தின் ரேலி பிரபு 1890-இல் நீர்மேல் படரும் எண்ணெய்ப் படலத்தின் தடிமனைக் கணக்கிட்டார்.

துகள்கள் ஆடினால் அதில் கற்பூரம் இருக்கிறது என்று அர்த்தம். வேறெதுவும் இல்லை என்று அர்த்தமில்லை. அதற்கு இன்னொரு வில்லையைப் பொடித்து ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். கற்பூரம் தண்ணீரைவிட மிகச் சிறிதளவே லேசானது. கரைவதும் மிகக் குறைவு, லிட்டருக்கு ஒரு கிராம் சொச்சம்தான். அதனால் தூள் மேலே மிதந்து நிற்க வேண்டும். பெரும்பகுதி கரைந்து மறைந்தால் ஹெக்சமினைச் சந்தேகிக்கலாம். அடியில் போய் உட்கார்ந்து, அலமாரியில் போடும் அந்துருண்டையின் வாடை அடித்தால் நாப்தலீனாக இருக்கலாம். மூன்றாவது சோதனைக்குப் பொறுமை மட்டும் போதும். ஒரு வில்லையை எடைக்கு எடை ஆவியாகட்டும் என்று ஒரு சில்வர் தட்டில் திறந்தே வைத்து, வாரக்கணக்கில் விட்டுவிடுங்கள். கற்பூரம் முழுக்கக் காற்றில் போய்விடும். மெழுகு கலந்திருந்தால் அந்தப் பிசுக்கு தட்டிலேயே கிடக்கும். ஒரு கடையில் வாங்குவதைத் தொடர்வதா என்று முடிவு செய்ய இந்த மூன்றும் சேர்ந்து போதுமான துணை, ஆய்வுக்கூடச் சான்றுக்கு ஈடல்ல.

ஊதுபத்தியில் கலப்படம் என்று தனியாக ஒன்றைப் பிரிப்பது கடினம், ஏனென்றால் அதில் என்னென்ன சேர்க்க வேண்டும் என்று எழுதிவைத்த பழக்கமே இல்லாமல் தொழில் வளர்ந்தது. பெரும்பாலான மலிவு பத்திகள் இரண்டு கட்டமாக உருவாகின்றன. மூங்கில் குச்சியின் மேல் கரித்தூளும் மரத்தூளும் ஒட்டுப்பட்டையின் பொடியும் சேர்ந்த மாவை இயந்திரம் அப்பி விடுகிறது. இதற்கு வாசனையே கிடையாது. பிறகு இன்னொரு இடத்தில் இந்தக் கறுப்புப் பத்தியை வாசனைத் திரவத்தில் முக்கி எடுத்துக் காயவைக்கிறார்கள். அந்தத் திரவத்தில் வாசனை குறைவு, அதைச் சுமக்கும் கரைப்பான்தான் அதிகம். டைஎத்தில் தாலேட்டோ, வெள்ளை எண்ணெய் எனப்படும் பாரஃபின் எண்ணெயோ அதற்குப் பயன்படும். பத்தியோடு சேர்ந்து அவையும் எரிகின்றன.

இதற்கு மாற்று, மசாலா பத்தி. வாசனைப் பொடிகளையும் பிசினையும் மாவிலேயே பிசைந்து குச்சியில் உருட்டுவது. பழைய முறையில் இதன் உயிர் மட்டிப்பால். மட்டி மரத்தின் பட்டையைக் கீறினால் வடியும் பிசின் அது. நல்ல மசாலா பத்தியைத் தொட்டால் கறுப்புப் பத்தியைப்போல் மொறமொறவென்று இருக்காது, லேசாக இளகி இருக்கும். மேற்பரப்பு பழுப்பு, சீராக இருக்காது. பற்றவைக்கும் முன் அடங்கிய மணமும், எரியும்போது கூடிய மணமும் வரும். முக்கிய பத்தியில் இது தலைகீழ். பெட்டியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும், எரியும்போது கரிந்த வாடை மேலோங்கும். அதை வெள்ளைத் தாளில் சுருட்டி ஒரு நாள் வைத்தால் காயாத எண்ணெய்க் கறை பிடிக்கும். அந்தக் கறை கரைப்பானுடையது என்று கொள்ளலாம். மசாலா பத்தியிலும் கொஞ்சம் எண்ணெய் சேர்ப்பவர்கள் உண்டு என்பதால் இதை மட்டுமே வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

விலையும் பேசும். சந்தனக் கட்டை கிலோ பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் பத்தியில் பத்தில் ஒரு பங்கு சந்தனத்தூள் என்றால் 10 கிராம், அதுவே 100 ரூபாய். கூலியும் உறையும் கடைக்காரர் லாபமும் இன்னும் சேரவில்லை. 30 ரூபாய்க்கு விற்கும் ‘அசல் சந்தன’ பத்தியில் சந்தனம் உறையின் படத்தில் மட்டுமே இருக்க முடியும். அப்படி வாங்கக் கூடாது என்றில்லை. செயற்கை மணம் என்று தெரிந்து வாங்குங்கள் என்கிறேன்.

எதை வாங்கினாலும் புகை புகைதான். ‘கரி இல்லாதது’, ‘மூலிகை’, ‘சாணத்தில் செய்தது’ என்று எத்தனை வாசகங்கள் இருந்தாலும், எரிகிற எந்தத் தாவரப் பொருளும் நுண்துகளை வெளியிடும். ஒரு கிராம் ஊதுபத்தி எரிந்தால் சராசரியாக 45 மில்லிகிராம் துகள் வருகிறது என்றும், சிகரெட்டில் இது 10 மில்லிகிராம் என்றும் அளந்திருக்கிறார்கள். சிகரெட் புகையை நேரே உள்ளிழுக்கிறோம், பத்திப் புகை அறையில் கலக்கிறது. ஆகவே இரண்டும் ஒரே தீங்கு என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் மூடிய சின்ன பூஜையறையில் அந்த வேறுபாடு சுருங்கிவிடும். சிங்கப்பூரில் 61,000-க்கும் மேற்பட்ட சீனர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. நீண்டகாலம் பத்தி எரித்தவர்களுக்கு மூச்சுப்பாதையின் மேற்பகுதியில் சில புற்றுகளும், நுரையீரல் புற்றில் ஒரு வகையும் கூடுதலாக வந்ததை அது காட்டியது. நுரையீரல் புற்று மொத்தமாகக் கூடியதாக அது சொல்லவில்லை.

அதனால் எந்தப் பத்தி என்று யோசிக்கும் முன் எத்தனை பத்தி என்று கேட்பது மேல். வேளைக்கு ஒன்று, சன்னல் திறந்த நிலையில், எதிரே அமர்ந்து ஜபிப்பவரின் முகத்துக்கு நேராக இல்லாமல். நாமம் சொல்லி முடியும்போது பத்தியும் தீர வேண்டும் என்று கட்டாயமில்லை. பாதியில் மணலில் செருகி அணைத்து மறுநாள் ஏற்றலாம். வீட்டில் ஆஸ்துமாக்காரரோ கைக்குழந்தையோ இருந்தால் பத்தியை விட்டுவிட்டு நெய்விளக்கும் பூவும் மட்டும் வையுங்கள். சாமிக்கு அதில் குறையொன்றும் இல்லை என்றுதான் நான் நம்புகிறேன்.

தயாரிப்பாளரைப் பொறுத்தவரை இப்போது ஒரு பிடி கிடைத்திருக்கிறது. இந்திய தர நிர்ணய அமைவனம் 2025-இன் இறுதியில் ஊதுபத்திக்கென்று ஐ.எஸ். 19412 என்ற தரத்தை வெளியிட்டது. பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், ஃபிப்ரோனில் போன்ற பூச்சிக்கொல்லிகளையும் சில செயற்கை வாசனைப் பொருள்களையும் பத்தியில் சேர்க்கக்கூடாது என்கிறது அது. பூச்சிக்கொல்லிக்கும் பத்திக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ‘கொசு விரட்டும் பத்தி’ என்று சந்தையில் திரியும் பலவற்றில் இருப்பது அதுதான். இந்தியாவில் பதிவு பெறாத மெபர்ஃப்ளுத்ரின்கூட அவற்றில் இருந்திருக்கிறது. கொசுவுக்கானது என்று சொல்லும் எதன் உறையிலும் பூச்சிக்கொல்லிச் சட்டப்படியான பதிவு எண் இருக்க வேண்டும். அது இல்லாத பத்தியைச் சாமி முன்னாலும் ஏற்ற வேண்டாம், கட்டிலடியிலும் ஏற்ற வேண்டாம்.

தர முத்திரை இல்லாத உறையிலும் பார்க்க வேண்டியவை உண்டு. தயாரித்தவர் பெயரும் முழு முகவரியும், நிகர எடை, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை, குறைகளைச் சொல்ல ஒரு தொடர்பு எண் ஆகியவை சட்டப்படி அச்சாகியிருக்க வேண்டும். பெயருக்குப் பதில் ‘சந்தைப்படுத்துபவர்’ மட்டுமே இருந்தால் பத்தியைச் செய்தவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. அந்த எண்ணில் அழைத்து, கரைப்பான் என்ன, மட்டிப்பால் சேர்க்கிறீர்களா என்று கேட்டுப்பாருங்கள். மழுப்பாமல் பதில் சொல்லும் சின்ன தொழிற்கூடத்தை, பதில் சொல்லாத பெரிய பெயரைவிட நான் நம்புவேன்.

வாங்கி வந்த கற்பூரத்தை வைக்கும் இடத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. கற்கண்டு போன்ற வெள்ளை வில்லையைக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். சுமார் ஒரு கிராமே சின்னக் குழந்தையின் உயிரைப் பறித்திருக்கிறது. சில நிமிடங்களில், அல்லது ஒன்றரை மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வலிப்பின்போது அது மூச்சுக்குழலில் போய் அடைக்கும். மீதி வில்லைகளையும் உறையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். டப்பாவை இறுக மூடி, பூஜை அலமாரியின் மேல்தட்டில், நெய்ப் பாத்திரத்துக்குப் பின்னால் அல்லாமல் கை எட்டாத உயரத்தில் வையுங்கள். இறுக மூடினால் ஆவியாகாமல் எடையும் நிற்கும்.