பெரிதாக வரைந்த சின்னம் எவ்வளவு பெரிது?

கந்தளாயில் ரீலோட் போட்டுக் கொடுக்கும் ஒரு கொமியுனிகேஷன் கடையைக் கற்பனை செய்துகொள்வோம். மூன்று டேட்டா பெக்கேஜ்களை ஒப்பிட்டு ஒரே ஒரு படம் போட வேண்டும் என்று கடைக்காரர் நினைக்கிறார். கைபேசிக்குக் கைபேசி அனுப்பிக்கொள்ளும் சதுரப் படம். வாடிக்கையாளர்களில் பெரும்பான்மையோர் சிங்களவர்கள். முஸ்லிம்களும் தமிழர்களும் இருக்கிறார்கள். ஒரு வசனம் எழுதினால் அதை இரண்டு எழுத்துகளில் எழுத வேண்டும். சதுரமோ கைபேசித் திரையின் அகலம்தான், ஆறரை சென்ரிமீற்றர் இருக்கும். மூன்று நிரலாகப் பிரித்தால் ஒரு பெக்கேஜுக்கு இரண்டு சென்ரிமீற்றர் மிஞ்சும். விலையை ஐந்து மில்லிமீற்றர் உயர எண்ணில் போட்டாலே அந்த நிரல் நிரம்பிவிடும். ஆகவே சொற்களைக் குறைத்துச் சின்னங்களைப் போடுவது இங்கே அழகுக்காகச் செய்வதல்ல, வேறு வழியில்லாமல் செய்வது. நல்லவேளையாக 1, 2, 3 என்ற எண்கள் மூன்று சமூகங்களுக்கும் ஒன்றுதான்.

அவர் போடப்போகும் பெக்கேஜ்கள் இவை என்று வைத்துக்கொள்வோம் (நிறுவனமும் விலையும் என் கற்பனை): சிறியது 10 ஜிபி, 600 ரூபாய். நடுவில் 20 ஜிபி, 1,300 ரூபாய். பெரியது 40 ஜிபி, 1,400 ரூபாய். மூன்றுக்கும் தவணை 30 நாள்.

டேட்டாவைக் காட்ட ஒரு சின்னம் வேண்டும். ஒரு பீப்பாய் என்று எடுத்துக்கொள்வோம். வரைபவர் கை உடனே என்ன செய்யும்? 10 ஜிபிக்குச் சின்னப் பீப்பாய், 20க்கு அதைப்போல இரு மடங்கு உயரம், 40க்கு நான்கு மடங்கு உயரம். கணக்குச் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் படத்தின் மூலையைப் பிடித்து இழுத்தால் உயரத்தோடு அகலமும் வளரும். உயரம் இரு மடங்கானால் தாளில் பிடிக்கும் இடம் நான்கு மடங்கு. பீப்பாயை உருண்டையாக, நிழல் போட்டு வரைந்திருந்தால் மனம் அதன் கொள்ளளவை நினைக்கும். அது எட்டு மடங்கு. நான்கு மடங்கு உயரப் பீப்பாய்க்குள் சின்னப் பீப்பாய்கள் 64 அடங்கும். விற்பதோ நான்கு மடங்கு டேட்டா.

சரி, உயரத்தை விட்டுப் பரப்பை இரு மடங்காக்கினால் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. கண் பரப்பை நேர்மையாக அளப்பதில்லை. ஒளி, ஒலி, நீளம், பரப்பு என்று ஒவ்வொன்றும் கூடும்போது நமக்கு எவ்வளவு கூடியதாகத் தோன்றுகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1950களில் அளக்கத் தொடங்கினார். நீளத்தில் நாம் ஏறக்குறையச் சரி. பரப்பில் குறைத்தே மதிப்பிடுகிறோம். இரு மடங்குப் பரப்பு சராசரிப் பார்வைக்கு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாகவே படும்; நான்கு மடங்கு, இரண்டரை மடங்கை ஒட்டியே நிற்கும். இந்த அளவும் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் ‘கண்ணுக்கு ஏற்றபடி திருத்தி’ வரையவும் முடியாது. பீப்பாயை எப்படி வளர்த்தாலும் யாரோ ஒருவர் பிழையாகவே படிப்பார்.

இந்தச் சிக்கலுக்கு வியன்னாவில் ஒருவர் தீர்வு சொன்னார். 1925இல் அங்கே சமூக, பொருளாதார அருங்காட்சியகம் ஒன்றை நிறுவிய ஓட்டோ நொய்ராத். வீட்டுவசதி, பிறப்பு இறப்பு, வேலையின்மை போன்ற கணக்குகளை அதிகம் படிக்காத தொழிலாளர்களுக்கும் புரியவைப்பது அவருடைய வேலை. அவர் வைத்த விதி ஒரே வரியில் அடங்கும்: தொகை கூடினால் சின்னத்தைப் பெரிதாக்காதே, அதே அளவில் இன்னொன்றை அருகில் வை. புள்ளிவிவரத்தில் எதைக் காட்டுவது, எதை விடுவது என்று முடிவு செய்தவர் மரீ ரைடமைஸ்டர், பின்னாளில் மரீ நொய்ராத். சின்னங்களை வரைந்தவர் கெர்ட் ஆர்ன்ட்ஸ். 1930களில் இந்த முறைக்கு ஐசோடைப் என்று பெயர் வந்தது. இன்று மருத்துவமனைச் சுவரிலும் பத்திரிகையிலும் வரிசையாக நிற்கும் குட்டி மனிதர்களைப் பார்க்கிறோமே, அவர்களெல்லாம் அந்தப் பரம்பரை.

கந்தளாய்ப் படத்தில் இந்த விதியை வைத்துப் பார்ப்போம். ஒரு பீப்பாய் 10 ஜிபி. முதல் நிரலில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, கடைசியில் நான்கு. எல்லாம் ஒரே அளவு, ஒரே மட்டத்திலிருந்து மேல்நோக்கி அடுக்கியவை. அடுக்கின் உயரமே இப்போது அளவுகோல் ஆகிவிட்டது. நீளத்தைத்தான் நாம் சரியாகப் படிக்கிறோம் என்று மேலே பார்த்தோம்.

‘ஒரு பீப்பாய் 2 ஜிபி’ என்று வைத்திருந்தால்? ஐந்து, பத்து, இருபது என்று பீப்பாய்கள் குவியும். விதி மீறப்படவில்லை, ஆனால் படம் செத்துவிடும். ஏன் என்பதற்குப் பழைய சோதனை ஒன்று இருக்கிறது. ஆங்கிலேயப் பொருளியலாளர் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1871இல் ஒரு வேலை செய்தார். கைநிறைய அவரை விதைகளை ஒரு பெட்டியை நோக்கி வீசுவார். உள்ளே எத்தனை விழுந்தன என்று எண்ணாமல், ஒரு பார்வையில் சொல்வார். பிறகு எண்ணிப் பார்ப்பார். ஆயிரம் தடவைக்கு மேல் செய்தார். மூன்றும் நான்கும் விழுந்தபோது ஒரு தடவைகூடப் பிழைக்கவில்லை. ஐந்தில் பிழை தொடங்கியது, அதற்கு மேல் போகப்போக வளர்ந்தது. நான்கு வரை நாம் எண்ணுவதே இல்லை, சும்மா தெரிந்துவிடுகிறது. அதற்கு மேல் எண்ண வேண்டும், அல்லது குத்துமதிப்பாகச் சொல்ல வேண்டும். ஒன்று, இரண்டு, நான்கு என்ற அடுக்கு ஜெவன்ஸின் எல்லைக்குள் கச்சிதமாக நிற்கிறது. பத்துப் பீப்பாய்க்கும் பன்னிரண்டு பீப்பாய்க்கும் உள்ள வேறுபாட்டைப் படம் சொல்லவே சொல்லாது. அங்கே எண்ணை எழுதுவதுதான் மரியாதை.

தொகை தீர்ந்தது. பொருள் என்ன என்று சொல்வதில்தான் சின்னங்கள் ஊருக்கு ஊர் காலை வாரும். வீட்டு இணையத்துக்கு வீட்டுப் படம் போடலாம் என்று நினைக்கலாம். ஆனால் இலங்கையில் வீடு தமிழரசுக் கட்சியின் சின்னம். தொலைபேசி ஐக்கிய மக்கள் சக்திக்கு, திசைகாட்டி தேசிய மக்கள் சக்திக்கு. தேர்தல் காலத்தில் தொலைபேசிப் படம் ஒன்றைப் பெரிதாகப் போட்டு, பக்கத்தில் எண்ணும் போட்டால் அது விருப்பு வாக்கு கேட்கும் சுவரொட்டியாகத்தான் முதலில் கண்ணில் படும். இந்த நாட்டு வாக்காளர் சின்னம் படிப்பதில் கைதேர்ந்தவர்; சிக்கல் அதுதான். ‘இந்தச் சேவை இல்லை’ என்று காட்டப் பெருக்கல் குறி போடுவார்கள். அதே குறியை நாம் வாக்குச்சீட்டில் புள்ளடி என்று இடுவது, வேண்டாததற்கு அல்ல, தெரிந்தெடுத்ததற்கு. பள்ளிக்கூடத்துக் கொப்பியில் அது பிழை, வாக்குச்சீட்டில் அது தெரிவு. என்னைக் கேட்டால், இல்லாத சேவைக்கு அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடலாம். வெற்றிடத்தை யாரும் தலைகீழாகப் படிப்பதில்லை.

எல்லாவற்றிலும் சுவையான வில்லங்கம் நிலா. இலங்கையின் டேட்டா பெக்கேஜ்கள் சிலவற்றில் எந்நேரமும் பாவிக்கக்கூடிய பங்கு ஒன்றும், நள்ளிரவு தாண்டி விடியும்வரை மட்டும் செல்லும் இரவுப் பங்கு ஒன்றும் உண்டு. இரவுக்குப் பிறை வரைவது வழக்கம். முஸ்லிம்கள் வாழும் ஊரில் பிறையைப் பார்த்தவர் நோன்புகாலச் சலுகை என்று எடுத்துக்கொள்ளலாம். பிறை வேண்டாம் என்று முழுநிலா வரைந்தால் அது போயா விடுமுறையை நினைவூட்டும். மணிக்கூட்டு முகம் ஒன்றும் அதன் கீழ் ‘12 – 7’ என்ற எண்களும் அத்தனை கவித்துவமானவை அல்ல. ஆனால் மூவருக்கும் ஒரே பொருள்.

ஒரு சின்னம் தேறுமா என்று பார்க்க எளிய பரீட்சை இருக்கிறது. பொதுவிடச் சின்னங்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 9186 என்ற நியமம் வகுத்ததும் அடிப்படையில் இதுதான்: படத்தை மட்டும் காட்டி, ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்டு, சொன்னதை அப்படியே எழுதிக்கொள். ‘விளங்குகிறதா?’ என்று கேட்கக்கூடாது; அதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். ஐஎஸ்ஓ வழக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் சரியாகச் சொன்னால் தேறும். ஆபத்துச் சின்னங்களுக்கான அமெரிக்க நியமம் இன்னும் கறார்: நூற்றுக்கு 85 பேர் சரியாகச் சொல்ல வேண்டும், நேர்மாறாகப் புரிந்துகொண்டவர்கள் ஐந்து பேரைத் தாண்டக்கூடாது. இரண்டாவது நிபந்தனைதான் முக்கியம். புரியாத சின்னத்தைப் பார்த்தவர் கடைக்காரரிடம் கேட்பார். மாறிப் புரிந்துகொண்டவர் கேட்கவே மாட்டார், காசைக் கொடுத்துவிட்டுப் போவார்.

இனி அந்த மூன்று விலைகளுக்கு வருவோம். 20 ஜிபிக்கு 1,300, 40 ஜிபிக்கு 1,400 என்றதும் பலருக்குக் கை பெரியதை நோக்கிப் போயிருக்கும். நூறு ரூபாய் கூடக் கொடுத்தால் இரு மடங்கு! ஒரு ஜிபிக்கு என்று வகுத்தாலும் சிறியது 60 ரூபாய், நடுவிலுள்ளது 65, பெரியது 35. நடுவிலுள்ளதை வாங்க யாருக்கும் காரணமே இல்லை. அப்படியானால் அது ஏன் அங்கே நிற்கிறது? விற்பனைக்காக அல்ல, பக்கத்தில் இருப்பதை மலிவாகக் காட்டுவதற்காக. இருக்கும் இரண்டு தெரிவுகளில் ஒன்றைவிட மட்டும் எல்லா வகையிலும் மட்டமான ஒரு மூன்றாவது தெரிவை நுழைத்தால் மக்கள் அந்த ஒன்றின் பக்கம் சாய்வார்கள் என்பதை ஜோயல் ஹூபரும் இரு சகாக்களும் 1982இல் சோதனைகளில் காட்டினார்கள். மீன் பிடிப்பவர் வைக்கும் பொம்மை இரை போல.

ஆனால் பெரிய பெக்கேஜின் 40 ஜிபியில் பாதி இரவுக்கு மட்டும் என்று வைத்துப் பாருங்கள். படத்தில் செய்ய வேண்டியது சிறிய திருத்தம்தான்: நான்கு பீப்பாய்களில் இரண்டைக் கறுப்பாக்கி, அவற்றின் அருகே ‘12 – 7’ மணிக்கூட்டைப் போட வேண்டும். உடனே பார்வை மாறுகிறது. கறுப்பில்லாத பீப்பாய்கள் நடுவிலும் இரண்டு, பெரியதிலும் இரண்டு. பத்து மணிக்கே படுத்துவிடும் ஒருவருக்குப் பெரியதன் விலை ஜிபிக்கு 70 ரூபாய், மூன்றிலும் அதிகம். பொம்மை இரை என்று நாம் ஒதுக்கிய நடுப் பெக்கேஜ் அவருக்கு அதே 20 ஜிபியை நூறு ரூபாய் குறைவாகத் தருகிறது. சிறியதை இரண்டு தடவை போட முடியுமானால் இன்னும் நூறு மிச்சம், 1,200தான். நள்ளிரவில் படம் தரவிறக்கும் அவருடைய மகனுக்கோ பெரியதே மலிவு. எண்ணை மட்டும் ‘40’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் இந்தக் கணக்கு யாருக்கும் தெரியவராது. அப்படிப் போடுவதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் சங்கடம்.

சின்னத்தால் சொல்ல முடியாத ஒன்றுக்கு மட்டும் இரு மொழியிலும் இடம் ஒதுக்கியாக வேண்டும்: வரி. ‘வரி உட்பட’ என்பதற்குப் படம் கிடையாது. 2024 ஜனவரி முதல் வற் நூற்றுக்கு 18. விலைக்குப் பக்கத்தில் அந்த இரண்டு சொல் இல்லாமல் போனால், 1,400 என்று படத்தில் பார்த்து வந்தவரிடம் அந்த ஒரு வரிக்கு மட்டுமே இன்னும் 252 ரூபாய் கேட்க நேரலாம்.