திரையில் ஒரு விலை, கைக்கு வருவது இன்னொரு விலை

டீமேட் கணக்கில் ஒருவரிடம் ஒரு சிறிய கம்பெனியின் 2,000 பங்குகள் இருக்கின்றன. கடைசியாகக் கைமாறிய விலை 142 ரூபாய். அவருடைய மொபைல் ஆப் இரண்டையும் பெருக்கி, ‘2,84,000 ரூபாய்’ என்று காட்டுகிறது. அவசரமாகப் பணம் தேவைப்பட்டு அத்தனையையும் ஒரே நேரத்தில் விற்கிறார். கைக்கு வருவது 2,71,600 ரூபாய். புரோக்கர் கட்டணத்தையும் வரியையும் இன்னும் கழிக்கவே இல்லை. மீதி 12,400 ரூபாய் எங்கே போனது?

அந்த 142 ரூபாய் வேறு யாரோ இருவருக்குள் நடந்து முடிந்த வியாபாரத்தின் விலை. பத்து பங்குகள் மட்டும் கைமாறியிருந்தாலும் திரையில் அதுதான் நிற்கும். நம் பங்கை வாங்க இப்போது யார் காத்திருக்கிறார், என்ன விலைக்கு, எத்தனை பங்குக்கு என்பதை அது சொல்லாது. அதற்கு ‘மார்க்கெட் டெப்த்’ பகுதியைத் திறந்து பார்க்க வேண்டும். வாங்கக் காத்திருப்பவர்களின் சிறந்த ஐந்து விலைகள் ஒரு பக்கமும், விற்கக் காத்திருப்பவர்களின் சிறந்த ஐந்து விலைகள் மறுபக்கமும் அங்கே இருக்கும்.

நம் கற்பனைக் கம்பெனிக்கு அந்தப் பட்டியல் இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். வாங்குவோர் பக்கத்தில் 140 ரூபாய்க்கு 150 பங்குகள், 139.50-க்கு 200, 138-க்கு 350, 136-க்கு 500, 133-க்கு 800. விற்போர் பக்கத்தில் ஆகக் குறைந்த விலை 143.50. வாங்க வருபவர் தரத் தயாராக இருக்கும் உச்ச விலையான 140-ஐ ‘பிட்’ என்பார்கள். விற்பவர் கேட்கும் குறைந்தபட்ச விலையான 143.50 ‘ஆஸ்க்’. இரண்டுக்கும் நடுவே உள்ள மூன்றரை ரூபாய்தான் ‘ஸ்ப்ரெட்’.

நம்மவர் ‘மார்க்கெட் ஆர்டர்’ போட்டார். என்ன விலை கிடைத்தாலும் சரி, உடனே விற்றுவிடு என்பது அதன் பொருள். எக்ஸ்சேஞ்சின் கம்ப்யூட்டர் சிறந்த விலையிலிருந்து தொடங்கியது. 140 ரூபாய்க்கு இருந்த 150 பங்குகள் தீர்ந்ததும் 139.50-க்கு இறங்கியது, அதுவும் தீர்ந்ததும் 138, பிறகு 136. கடைசி 800 பங்குகள் 133 ரூபாய்க்குப் போயின. சராசரியாக ஒரு பங்குக்குக் கிடைத்தது 135.80 ரூபாய்தான்.

பிட், ஆஸ்க் இரண்டின் நடுப்புள்ளி 141.75 ரூபாய். அதோடு ஒப்பிட்டால் அவருடைய நஷ்டம் 4.2%. இதற்குச் சந்தையில் ‘இம்பாக்ட் காஸ்ட்’ என்று பெயர். 150 பங்குகளை மட்டும் விற்றிருந்தால் இது 1.2% அளவில் நின்றிருக்கும். ஸ்ப்ரெட்டில் பாதி எல்லோருக்குமான செலவு. அதற்கு மேல் போவது அளவுக்கும் அவசரத்துக்கும் கொடுத்த விலை. விற்று முடித்ததும் திரையில் ‘கடைசி விலை 133’ என்று விழும். கம்பெனியில் எதுவுமே நடக்காமல், ஒருவருடைய அவசரத்தால் மட்டும் பங்கு 6%-க்கு மேல் இறங்கியதாகத் தெரியும்.

பெரிய கம்பெனிப் பங்குகளில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. நிஃப்டி 50 குறியீட்டில் இடம்பிடிக்க ஒரு பங்கு கடக்க வேண்டிய சோதனை இதைத்தான் அளக்கிறது: 10 கோடி ரூபாய் அளவுக்கு வாங்கி விற்றுப் பார்த்தால், ஆறு மாதக் கணக்கெடுப்பில் 90% தருணங்களில் இம்பாக்ட் காஸ்ட் 0.50%-ஐத் தாண்டக் கூடாது. அங்கே 10 கோடிக்கு அரை சதவீதம். நம் உதாரணத்தில் மூன்று லட்சத்துக்கும் குறைவான தொகைக்கே நாலு சதவீதத்துக்கு மேல். லிக்விடிட்டி என்று சந்தைக்காரர்கள் சொல்வது இந்த வித்தியாசத்தைத்தான்.

சிறிய பங்கில் மட்டும் ஸ்ப்ரெட் ஏன் அகலமாகிறது? 140 ரூபாய்க்கு வாங்கக் காத்திருப்பவரின் இடத்திலிருந்து பாருங்கள். இன்று 2,000 பங்குகளை வாங்கினால், அவற்றைத் தள்ளிவிட அவருக்குப் பல நாள் ஆகலாம். அதற்குள் விலை சரிந்தால் நஷ்டம் அவர் தலையில். அதோடு ஒரு சந்தேகமும் உண்டு: இவ்வளவு அவசரமாக விற்கிறவருக்கு நமக்குத் தெரியாத கெட்ட செய்தி ஏதாவது தெரிந்திருக்குமோ? அனலிஸ்ட்டுகளும் பத்திரிகைகளும் எட்டிப் பார்க்காத கம்பெனியில் அந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட. ஆகவே குறைத்துக் கேட்கிறார். உடனடியாகப் பணம் பெறும் வசதிக்கான கட்டணமாக இந்த இடைவெளியைப் பார்க்கலாம் என்று பொருளியலாளர் ஹரால்ட் டெம்செட்ஸ் 1968-லேயே எழுதினார். அவசரப்படுபவர் கொடுக்கிறார், காத்திருப்பவர் வாங்கிக்கொள்கிறார்.

அப்படியானால் நாமும் காத்திருக்கலாமே? காத்திருக்கலாம். ‘லிமிட் ஆர்டர்’ போட்டு, 141.50-க்குக் குறைந்தால் விற்காதே என்று சொல்லிவிடலாம். அப்போது ஸ்ப்ரெட்டைக் கொடுக்கும் பக்கத்திலிருந்து வாங்கும் பக்கத்துக்கு மாறிவிடுகிறோம். ஆனால் 2,000 பங்குகள் மொத்தமாக விற்பனைக்கு நிற்பது எல்லோர் கண்ணிலும் படும். வாங்க வந்தவர்கள் தங்கள் விலையைக் குறைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். அதனால்தான் ஆர்டரில் ஒரு பகுதியை மட்டும் வெளியே காட்டும் ‘டிஸ்க்ளோஸ்டு குவான்டிட்டி’ வசதி இருக்கிறது. குறைந்தது 10% தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துப் பல நாட்களில் விற்க வேண்டும்.

காத்திருப்பதிலும் ஆபத்து உண்டு. ஆர்டர் நிறைவேறாமலே போகலாம். அதற்குள் உண்மையிலேயே கெட்ட செய்தி வரலாம். அப்போது பங்கு ‘லோயர் சர்க்யூட்’டில் விழும். தினசரி வரம்பு 5% உள்ள பங்கு 142 ரூபாயில் முடிந்திருந்தால், மறுநாள் 134.90-க்குக் கீழே எந்த வியாபாரமும் நடக்க முடியாது. அந்த விலைக்கும் வாங்க ஆள் இல்லையென்றால், டெப்த் பகுதியில் வாங்குவோர் பக்கம் முழுக்கக் காலியாகக் கிடக்கும். விற்போர் வரிசை மட்டும் நீளும். வரிசையில் முதலில் நின்றவருக்கே முதலில் விற்கும். மறுநாள் இன்னொரு 5%. விலையை எவ்வளவு குறைத்துக்கொள்ளத் தயாராக இருந்தாலும் வெளியே வர வழி கிடைக்காது.

பெரிய கைகளுக்கும் இதே கதைதான். ஸ்மால்கேப், மிட்கேப் மியூச்சுவல் ஃபண்டுகள் தங்கள் முதலீட்டில் 25 சதவீதத்தையும் 50 சதவீதத்தையும் விற்க எத்தனை நாள் ஆகும் என்ற கணக்கை 2024 மார்ச் முதல் வெளியிட்டு வருகின்றன.

தனி முதலீட்டாளரும் அதே கணக்கைப் போடலாம். பங்கின் ஒரு நாள் சராசரி வியாபாரம் 4,000 பங்குகள் என்றால், விலையைப் பெரிதாகக் கலைக்காமல் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 400 விற்கலாம் என்று வைத்துக்கொண்டால், 2,000 பங்குகளுக்கு ஐந்து நாள். இந்தக் கணக்கை வாங்குவதற்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. ஏனென்றால் ஸ்ப்ரெட் இரு முறை கடிக்கும்: 143.50-க்கு வாங்கி, மறு நிமிடமே 140-க்கு விற்றால், விலை அசையாமலே பங்குக்கு மூன்றரை ரூபாய் போய்விடும். சில மாதங்களில் கட்ட வேண்டிய காலேஜ் ஃபீஸுக்கான பணத்தை இப்படிப்பட்ட பங்கில் வைத்திருப்பவர், அந்தக் கம்பெனி எவ்வளவு நல்ல கம்பெனியாக இருந்தாலும், ஃபீஸ் கட்டும் தேதியில் என்ன விலை வருகிறதோ அதற்குத்தான் விற்க வேண்டியிருக்கும்.