ஏழு நாள் ஈரமும் ஒரு ‘லாம்’ விகுதியும்

கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, 2000ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் கியூரிங் பற்றிய பகுதியைத் தமிழாக்கினால் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: ‘கான்கிரீட்டின் வெளிப்பரப்புகள் நீர் தேக்கப்படுவதன் மூலமோ, சாக்கு, கித்தான் போன்றவற்றால் மூடப்பட்டு நனைக்கப்படுவதன் மூலமோ குறைந்தது ஏழு நாட்களுக்குத் தொடர்ந்து ஈரநிலையில் வைக்கப்படுதல் வேண்டும்.’ இதைப் படித்து மேஸ்திரி வேலையைத் தொடங்குவதற்குள் கான்கிரீட் காய்ந்துவிடும்.

‘படு’ என்பதை எடுத்துவிடத் தயங்க வேண்டியதில்லை. செய்பவரைச் சொல்லாமல் விட ஆங்கிலத்துக்குச் செயப்பாட்டு வினை தேவை. தமிழுக்குத் தேவையில்லை. ‘ஈரமாக வைத்திருக்க வேண்டும்’ என்றாலே போதும், யார் என்ற கேள்வி எழாது. வாக்கியம் தெளிவாகட்டும் என்று ‘ஒப்பந்ததாரர்’ என்று எழுவாய் சேர்ப்பவர்கள் உண்டு. விதி யார் தலையிலும் வைக்காத பொறுப்பை அது ஒருவர் தலையில் ஏற்றிவிடும்.

அடுத்து, வாக்கியத்தை உடைப்பது. ‘பாத்தி கட்டி நீர் தேக்கலாம். அல்லது சாக்குப் போர்த்தி நனைக்கலாம்’ என்று உடைத்தால் படிக்க இலகுதான். ஆனால் மூலத்தில் இருந்த கட்டாயம், அதாவது ‘ஷல்’, போய்விட்டது. எந்த முறை என்பதில்தான் விருப்பம். ஈரம் வைப்பதில் இல்லை. எனவே கட்டாயத்தை முதலில் நிறுத்த வேண்டும்: ‘கான்கிரீட் போட்ட நாளிலிருந்து குறைந்தது 7 நாள் தொடர்ந்து ஈரமாக வைத்திருக்க வேண்டும். இதற்குப் பாத்தி கட்டி நீர் தேக்குவது, சாக்கோ கித்தானோ போர்த்தி நனைத்துக்கொண்டே இருப்பது ஆகிய இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும்.’ கலப்பு சிமெண்டானால் 10 நாள். வறண்ட, வெப்பமான சூழலிலும் 10 நாளுக்குக் குறையக் கூடாது. இவையும் கட்டாயமே.

சிக்கல் கடைசி வரியில். கலப்பு சிமெண்டுக்கு இந்தக் காலத்தை 14 நாளாக நீட்டிக்க விதி பரிந்துரைக்கிறது. அந்த ஆங்கில வாக்கியத்துக்குள் ‘மே’ இருப்பதால் ‘நீட்டிக்கலாம்’ என்று எழுதத் தோன்றும். அப்படி எழுதினால் பரிந்துரை வெறும் அனுமதியாகச் சுருங்கும். ‘நீட்டிக்க வேண்டும்’ என்றாலோ, பத்தாம் நாள் நிறுத்தியவர் விதியை மீறியவராகிவிடுவார். ‘14 நாளாக நீட்டிக்குமாறு பரிந்துரைக்கப்படுகிறது’ என்பதே சரி. ‘படு’ வந்துவிட்டதே என்றால், வரட்டும். இங்கே அதற்கு வேலை இருக்கிறது.

‘ஷுட்’ வருமிடத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். பேச்சில் அதற்கும் ‘வேண்டும்’ போடுகிறோம். தர ஆவணத்தில் அது பரிந்துரை மட்டுமே. மறுப்பிலோ ஆபத்து இன்னும் கூடுதல். ‘செய்யக் கூடாது’ என்பது தடை, ‘செய்யத் தேவையில்லை’ என்பது விலக்கு. ‘செய்ய வேண்டாம்’ என்றால் படிப்பவர் எதையும் எடுத்துக்கொள்வார். ‘லாம்’ விகுதியிலும் அப்படித்தான். ‘விரிசல் வரலாம்’ என்பதில் யாரும் விரிசலுக்கு அனுமதி தரவில்லை. அனுமதியும் சாத்தியமும் அருகருகே வந்தால், சாத்தியத்தை ‘விரிசல் வர வாய்ப்புண்டு’ என்று மாற்றிவிடுவது நல்லது.

மொழிபெயர்த்து முடித்ததும் மூலத்தை மூடிவைத்து, தமிழில் வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிட்டுக் கட்டாயம், பரிந்துரை, அனுமதி என்று ஓரத்தில் குறியுங்கள். பிறகு மூலத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். குறிக்க முடியாமல் பேனா தயங்கும் வாக்கியத்தைத்தான் திரும்ப எழுத வேண்டும்.