ஆவி மட்டும் அசையும் படம்

டம்ளரில் காபி. மேசை, ஜன்னல், நாற்காலி எல்லாம் புகைப்படம் போல உறைந்திருக்க, ஆவி மட்டும் சுருண்டு மேலேறிக்கொண்டே இருக்கிறது. இதுதான் சினிமாகிராஃப். நியூயார்க்கின் ஜேமி பெக், கெவின் பர்க் இருவரும் 2011-இல் இந்தப் பெயரைப் பரவலாக்கினார்கள்.

கேமராவை முக்காலியில் பூட்டுங்கள். ஒளியளவு, ஃபோகஸ் இரண்டையும் தானியங்கியில் விடாதீர்கள். நடுவில் வெளிச்சம் மாறினால் உறைந்த பகுதிக்கும் அசையும் பகுதிக்கும் இடையே கோடு தெரிந்துவிடும். ஆவிக்குப் பின்னால் இருட்டு வேண்டும், வெளிச்சம் பின்பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். வெள்ளைச் சுவருக்கு முன் ஆவி கண்ணுக்கே தெரியாது.

எட்டு விநாடி வீடியோ போதும். அதிலிருந்தே ஒரு ஃபிரேமை எடுத்து மேலே அடுக்கி, ஆவி எழும் இடத்தை மட்டும் மென்மையான விளிம்போடு அழித்துவிடுங்கள். கீழே ஓடும் வீடியோ அந்தத் துளை வழியே தெரியும்.

சிரமமே இனிமேல்தான். ஆவி ஒரே வடிவத்துக்குத் திரும்பி வராது. முடிவிலிருந்து தொடக்கத்துக்குத் தாவும்போது வெட்டு துடிக்கும். அதனால் வீடியோவை நடுவில் வெட்டி, பின்பாதியை முன்னால் வைத்து, சேரும் இடத்தில் ஒரு விநாடி ஒன்றோடொன்று கரையவிடுங்கள். ஏழு விநாடிச் சுழற்சி கிடைக்கும். அதன் கடைசி ஃபிரேமும் முதல் ஃபிரேமும் முதலிலேயே அடுத்தடுத்து இருந்தவை என்பதால் தாவல் தெரியாது.

ஆடும் தொங்குவிளக்குக்கு இந்தக் கரைசல் உதவாது, விளக்கு இரண்டாகத் தெரியும். ஒரு முழு ஊசலை மட்டும் வெட்டியெடுங்கள். சுவரில் ஆடும் அதன் நிழலுக்கும் துளை வேண்டும்.