ஆர்க்டிக் கடலில் வண்டியூர்க் கண்மாய்

“மாமா, வண்டியூர்க் கண்மாயைக் காணோம்!”

போனில் என் அக்கா மகள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். மதுரையில் இருக்கும் குளங்களையும் கண்மாய்களையும் அவள் வகுப்புப் பிள்ளைகள் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிளில் போய், கரையில் நின்று, போன் காட்டும் அட்சக்கோட்டையும் தீர்க்கக்கோட்டையும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். மாலையில் அதைப் பார்த்துக் கணினி அட்டவணையில் தட்டுவார்கள். மொத்தம் 24 வரிகள். அவள் அனுப்பியதில் நான்கு வரிகள் இவை:

| நேரம் | இடம் | அட்சக்கோடு | தீர்க்கக்கோடு |
|---|---|---|---|
| 8.00 | பொற்றாமரைக் குளம் | 9.919 | 78.119 |
| 8.25 | மாரியம்மன் தெப்பக்குளம் | 9.911 | 78.418 |
| 9.00 | வண்டியூர்க் கண்மாய் | 78.150 | 9.932 |
| 10.10 | சரவணப் பொய்கை, திருப்பரங்குன்றம் | 9.528 | 78.044 |

இந்த நான்கில் மூன்று தப்பு. மேலே படிக்கும் முன் நீங்களும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

மூன்றாவது வரி சுலபம். எண்கள் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. அட்சக்கோடு 78 என்றால் வட துருவத்துக்கு இன்னும் 12 பாகைதான் பாக்கி. அந்தப் புள்ளி ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே, கடுங்குளிர்க் கடலில் விழுகிறது. கண்மாயில் குளிக்கும் எருமைகள் பாவம்!

ஏன் இப்படி மாறுகிறது? கணக்கு வகுப்பில் x முதலில், y பிறகு. வரைபடத்தில் இடம் வலமாகப் போகும் x என்பது தீர்க்கக்கோடு. ஆனால் இடத்தைச் சொல்லும்போது அட்சக்கோட்டைத்தான் முதலில் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஒருவர் வாசிக்க இன்னொருவர் எழுதும்போது, இரண்டு பழக்கமும் மோதிக்கொள்கின்றன.

“கணினி ஏன் மாமா திட்டல?” என்று கேட்டாள்.

அட்சக்கோடு 90-ஐத் தாண்டவே முடியாது. கோலாலம்பூரின் தீர்க்கக்கோடு ஏறக்குறைய 101.7. அங்கே எண்களை மாற்றிப் போட்டால், அட்சக்கோடு 101 என்று ஒன்று உலகத்திலேயே இல்லை என்பதால் பிழை அப்போதே தெரிந்துவிடும். நம்முடைய 78, 90-க்கு உள்ளே இருப்பதால், அப்படியும் ஓர் இடம் உண்டு என்று கணினி ஏற்றுக்கொள்கிறது.

அதனால் வேலியை நாமே போட வேண்டும். தமிழ்நாடு முழுவதும் அட்சக்கோடு 8-க்கும் 14-க்கும் நடுவில், தீர்க்கக்கோடு 76-க்கும் 81-க்கும் நடுவில் அடங்கிவிடும். இந்தப் பெட்டிக்கு வெளியே நிற்கும் வரியைப் பிடி என்றேன். வண்டியூர் மட்டும் மாட்டியது. எண்களை இடம் மாற்றியதும் கண்மாய் ஊருக்குத் திரும்பிவிட்டது.

இந்த வேலி எல்லா நாட்டிலும் பலிக்காது. நைஜீரியாவின் தலைநகர் அபுஜா 9.06, 7.49-இல் இருக்கிறது. மாற்றிப் போட்டால் 7.49, 9.06. அதுவும் நைஜீரியாவுக்குள்ளேதான், சுமார் 245 கிலோமீட்டர் தள்ளி! நமக்கு இரண்டு எண்களும் தூரம் தூரமாக இருப்பது ஓர் அதிர்ஷ்டம்.

மற்ற இரண்டு தப்புகளும் பெட்டிக்குள்ளேயே ஒளிந்திருந்தன. “கிராஃப் தாள் எடு” என்றேன். கீழ் அச்சில் தீர்க்கக்கோடு, 78.0 முதல் 78.5 வரை. பக்க அச்சில் அட்சக்கோடு, 9.5 முதல் 10.1 வரை. 0.1 பாகைக்கு 2 சென்டிமீட்டர். நம் பக்கத்தில் 0.1 பாகை என்பது நிலத்தில் ஏறக்குறைய 11 கிலோமீட்டர். அவள் 24 புள்ளிகளையும் வைத்தாள். இருபத்திரண்டு ஒரு கொத்தாக விழுந்தன. ஒன்று வலது பக்கம் தனியாக ஓடிப் போயிருந்தது. இன்னொன்று தாளின் அடியில் கிடந்தது.

இரண்டு எண்ணில் ஒன்று மட்டும் தப்பாக இருந்தால், புள்ளி நேர்க்கோட்டில்தான் நகரும். தீர்க்கக்கோடு தப்பு என்றால் கிழக்கு மேற்காக, அட்சக்கோடு தப்பு என்றால் வடக்கு தெற்காக. தெப்பக்குளம், கொத்தின் உயரத்திலேயே நேராகக் கிழக்கே போய்ச் சிவகங்கைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. ஆகவே 9.911 சரியாக இருக்கலாம், சந்தேகம் 78.418 மேல்.

நேரமும் அதையே சொல்கிறது. 8.00 மணிக்குப் பொற்றாமரைக் குளம், 8.25-க்குத் தெப்பக்குளம். இந்த எண்களின்படி நடுவில் 33 கிலோமீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் மிதித்தால்தான் முடியும். 4-ஐயும் 1-ஐயும் இடம் மாற்றிப் பார்த்தாள். 78.148. தூரம் மூன்றேகால் கிலோமீட்டராகச் சுருங்கியது. வேகமாகத் தட்டும்போது பக்கத்து எண்கள் முந்திக்கொள்வது எல்லோருக்கும் நடப்பதுதான்.

அடியில் கிடந்த புள்ளிதான் எனக்குப் பிடித்தது. சரவணப் பொய்கை அருப்புக்கோட்டைப் பக்கம் போயிருந்தது. அட்சக்கோடு தப்பு என்று அவள் உடனே சொல்லிவிட்டாள். “திருப்பரங்குன்றம் எங்கே இருக்க வேண்டுமோ, அங்கிருந்து நேராகக் கீழே கோடு போடு” என்றேன். கோடு புள்ளியைத் தொடவில்லை. புள்ளி அரை சென்டிமீட்டருக்கும் சற்று அதிகமாக இடப்பக்கம் தள்ளியிருந்தது. நிலத்தில் அது 3 கிலோமீட்டர். அப்படியானால் இரண்டு எண்களுமே கெட்டிருக்கின்றன. விரல் வழுக்கினால் ஓர் எண் கெடும். இரண்டும் சேர்ந்து கெட்டால் வேறு ஏதோ நடந்திருக்கிறது.

பாகையை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று தசமம். மற்றொன்று, கடிகாரத்தைப் போல ஒரு பாகையை 60 நிமிடங்களாகப் பிரிப்பது. 9 பாகை 52.8 நிமிடம் என்பதை யாராவது 9.528 என்று தட்டியிருந்தால்? 52.8-ஐ 60-ஆல் வகுத்தாள்: 0.880. அட்சக்கோடு 9.880. அதே மாதிரி 78.044 என்பது 78 பாகை 04.4 நிமிடமாக இருந்தால், 4.4-ஐ 60-ஆல் வகுக்க 0.073. தீர்க்கக்கோடு 78.073. புதுப் புள்ளி திருப்பரங்குன்றத்திலேயே விழுந்தது. நிமிடம் 52.8 என்று பெரிதாக இருந்ததால் அட்சக்கோட்டில் பிழை 39 கிலோமீட்டர், 4.4 என்று சிறிதாக இருந்ததால் தீர்க்கக்கோட்டில் 3 கிலோமீட்டர்தான்.

இந்த வித்தைகளுக்குப் பிடிபடாத தப்பும் உண்டு. 9.911-க்குப் பதில் 9.912 என்று தட்டினால் புள்ளி 110 மீட்டர்தான் நகரும். கிராஃப் தாளில் அதைப் பார்க்கவே முடியாது. செயற்கைக்கோள் படத்தில் கரையில் இருக்க வேண்டிய புள்ளி நடுத்தண்ணீரில் நின்றால் தெரியும். கண்மாய் பெரிதாக இருந்து, புள்ளி கரையோரமாகவே நகர்ந்திருந்தால் அதுவும் தெரியாது.

அவள் பழைய எண்களை அழிக்கப் போனாள். அழிக்காதே என்றேன். ஊகம் தப்பாக இருந்தால் திரும்பிவர வழி வேண்டும். பக்கத்தில் புதுப் பத்தி சேர்த்துத் திருத்திய எண்ணை எழுதினாள். அதற்கடுத்த பத்தியில் காரணம்: “இடம் மாறியது”, “4, 1 மாறியது”, “நிமிடமாக இருக்கலாம்”.

மறுநாள் பள்ளியில் நோட்டைப் பார்த்துவிட்டு மறுபடி போன் செய்தாள். பொய்கைக்குப் போன பையனின் போனில் சார்ஜ் தீர்ந்து, அந்த ஓர் இடத்துக்கு மட்டும் அவன் அப்பாவின் போனை வாங்கிப் பார்த்திருக்கிறான். நோட்டில் 9° 52.8′ என்று குறிகளோடு ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறான். தட்டியவளுக்குக் கணினியில் அந்தச் சின்ன வட்டத்தை எப்படிப் போடுவது என்று தெரியவில்லையாம்.

“தட்டினது யாரு?” என்றேன்.

“அது எதுக்கு மாமா இப்போ?” என்றாள்.